ஒரே தண்ணீரை எத்தனை தடவை எண்ணுகிறோம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒருவர் போர் போட்டார் என்றால் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "எத்தனை அடியில தண்ணி வந்துச்சு?" அடுத்த கேள்வி, "குடிக்க ஆகுமா?" முதல் கேள்விக்கு ஒரு எண்ணில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அப்படி முடியாது. புளோரைடு அதிகமாக இருக்கலாம். நைட்ரேட் அதிகமாக இருக்கலாம். கடினத்தன்மை அதிகமாக இருக்கலாம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டினாலும் அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது.

இந்திய குடிநீர்த் தரக் குறியீடான IS 10500, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில்கூட ஒரு லிட்டரில் புளோரைடு 1.5 மில்லிகிராமையும், மொத்தக் கடினத்தன்மை 600 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம்; அதில் எந்தத் தளர்வும் கிடையாது.

நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். நிகழ்தகவுப் பாடத்தில் கூட்டல் தேற்றம் வரும்போது பகடையையும் சீட்டுக்கட்டையும் சீக்கிரம் முடித்துவிட்டு இந்தத் தண்ணீர்க் கணக்குக்கு வந்துவிடுவேன். எங்கள் பிள்ளைகளில் பலர் சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை. புளோரைடால் பல்லில் மஞ்சள் கறை படிந்த தாத்தாவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். 200 போர்வெல்களில் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் பாடத்துக்காக நான் வைத்தவை. எந்த ஊரின் சோதனை முடிவும் அல்ல. 70 கிணறுகளில் புளோரைடு எல்லை தாண்டியது. 60இல் நைட்ரேட் தாண்டியது. 50இல் கடினத்தன்மை தாண்டியது. இந்த 200இலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு கிணற்றைத் தொட்டால், அது குடிக்க ஆகாததாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

பிள்ளைகள் முதலில் செய்வது கூட்டல். 35 சதவீதம், 30 சதவீதம், 25 சதவீதம், ஆக 90. பெரியவர்களும் இதையே செய்வதைப் பார்த்திருக்கிறேன். பத்துக்கு ஒன்பது கிணறு ஆகாது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று குறைகளும் வேறு வேறு கிணறுகளில் மட்டும் இருந்தால் அது சரி. அதாவது புளோரைடு உள்ள கிணற்றில் நைட்ரேட் பிரச்சினை இருக்கவே கூடாது, நைட்ரேட் உள்ளதில் கடினத்தன்மை இருக்கவே கூடாது. பாடப்புத்தகம் இதை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்று சொல்லும். தண்ணீர் அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரே குடத்துத் தண்ணீரில் இரண்டு குறை இருக்கும், மூன்றும்கூட இருக்கும்.

ஆகவே மூன்று தொகைகள் மட்டும் போதாது. எந்தெந்தக் குறைகள் எத்தனை கிணறுகளில் சேர்ந்து வந்தன என்பதும் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் புளோரைடும் நைட்ரேட்டும் சேர்ந்து தாண்டியவை 24. நைட்ரேட்டும் கடினத்தன்மையும் சேர்ந்தவை 28. புளோரைடும் கடினத்தன்மையும் சேர்ந்தவை 8. மூன்றும் தாண்டியவை 6.

புளோரைடுக்கு F, நைட்ரேட்டுக்கு N, கடினத்தன்மைக்கு H என்று வைத்தால் சூத்திரம் இது:

```
P(F∪N∪H) = P(F) + P(N) + P(H)
           − P(F∩N) − P(N∩H) − P(F∩H)
           + P(F∩N∩H)
```

கிணறுகளாகவே போட்டால் 70 + 60 + 50 = 180. அதிலிருந்து 24 + 28 + 8 = 60ஐக் கழித்தால் 120. அதனுடன் 6ஐக் கூட்டினால் 126. நிகழ்தகவு 126/200, அதாவது 63 சதவீதம். 90க்கும் 63க்கும் நடுவே 54 கிணறுகள் இருக்கின்றன. நல்ல தண்ணீர்க் கிணறுகள் 74 என்பது 20 ஆகச் சுருங்கிப் போயிருந்தது.

கடைசியில் அந்த 6ஐ எதற்குக் கூட்டுகிறோம்? இந்த இடத்தில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். "கழிச்சாச்சு, அப்புறம் எதுக்கு மிஸ் மறுபடி கூட்டணும்?" என்பார்கள். வட்டம் போட்டுக் காட்டினால் தலையாட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து மறந்துவிடும். அதனால் வட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு கிணற்றின் பின்னாலேயே போகச் சொல்கிறேன்.

சோதனைத் தாளில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். புளோரைடு 2.1, நைட்ரேட் 68, கடினத்தன்மை 720. மூன்றும் தாண்டிய கிணறு. முதல் படியில் 70 என்ற தொகையில் இது இருக்கிறது. 60இலும் இருக்கிறது, 50இலும் இருக்கிறது. ஆக, 180இல் இந்தக் கிணறு மூன்று தடவை எண்ணப்பட்டிருக்கிறது. இரண்டாம் படியில் கழிக்கிறோம். 24இல் இது இருக்கிறது, 28இல் இருக்கிறது, 8இலும் இருக்கிறது. மூன்று தடவை கழிந்துவிட்டது. மூன்று தடவை வந்தது, மூன்று தடவை போனது. மிச்சம் பூஜ்யம். 120 என்ற எண்ணில் இந்தக் கிணறு இல்லவே இல்லை.

சரி, இரண்டு குறை மட்டும் உள்ள கிணறு? புளோரைடும் நைட்ரேட்டும் தாண்டி, கடினத்தன்மை 300 என்று இருக்கிற ஒன்றை எடுங்கள். 70இல் ஒரு தடவை, 60இல் ஒரு தடவை, கழிக்கும்போது 24இல் ஒரு தடவை. இரண்டிலிருந்து ஒன்று போனால் ஒன்று. சரியாக வருகிறது. ஒரே குறை உள்ள கிணறு ஒரு தடவை வருகிறது, எதிலும் கழிவதில்லை. அதுவும் சரி. தொலைந்துபோவது மூன்று குறையும் உள்ள அந்த ஆறு மட்டும்தான். அவற்றை ஒரு தடவை திரும்பச் சேர்த்தால் எல்லாக் கிணறும் ஒவ்வொரு தடவை எண்ணப்பட்டதாக ஆகிவிடும்.

ஒரு மாணவி இதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப மோசமான கிணறுதான் மிஸ் கணக்குலேர்ந்தே போயிடுது" என்றாள். அவள் சொன்னது அப்படியே உண்மை. கடைசிக் கூட்டலை மறந்தவர் கணக்கில் பிழை சிறியதாகத்தான் தெரியும்; 63க்குப் பதில் 60 வரும். ஆனால் விடுபட்டவை எவை என்று பார்த்தால் உடனே கவனிக்க வேண்டிய ஆறு கிணறுகள். இதைச் சொல்லித் தந்த பிறகு அந்தக் கூட்டலை யாரும் மறப்பதில்லை.

இன்னொரு பிழை இதைவிட அடிக்கடி வருகிறது. வேலையில் இருப்பவர்களும் இதில் மாட்டுகிறார்கள். "புளோரைடும் நைட்ரேட்டும்" என்ற தலைப்பில் ஒருவர் 24 என்று எழுதுவார், இன்னொருவர் 18 என்று எழுதுவார். இருவரும் பார்த்தது ஒரே தாள். முதலாமவர் இந்த இரண்டும் தாண்டிய எல்லாக் கிணறுகளையும் எண்ணியிருக்கிறார். மூன்றாவது குறை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவில்லை. இரண்டாமவர் இந்த இரண்டு மட்டுமே தாண்டிய கிணறுகளை எண்ணியிருக்கிறார். சூத்திரத்துக்கு வேண்டியது முதல் வகை. 'மட்டும்' என்ற ஒரு சொல் விடுபட்டதால் கணக்கு எங்கே போகிறது பாருங்கள். மட்டும் வகையில் அந்த மூன்று எண்கள் 18, 22, 2. தெரியாமல் சூத்திரத்தில் போட்டால் 180 − 42 + 6 = 144. 63 சதவீதம் 72 ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மூன்றும் தாண்டிய கிணறு எதுவானாலும் அது இரண்டிரண்டாக எடுத்த ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்தாக வேண்டும். ஆகவே இணைத் தொகை எதுவும் மூன்றின் தொகையைவிடச் சிறியதாக இருக்க முடியாது. இங்கே புளோரைடு, கடினத்தன்மை இணைக்கு 2 என்று இருக்கிறது, மூன்றுக்கும் 6 என்று இருக்கிறது. இரண்டு பேர் உள்ள வீட்டுக்குள் ஆறு பேர் உட்கார்ந்திருக்க முடியாது. இந்த எண்கள் 'மட்டும்' வகையைச் சேர்ந்தவை என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் எல்லா நேரமும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. 18ஐயும் 22ஐயும் மட்டும் பார்த்திருந்தால் சந்தேகமே வந்திருக்காது. தொகை எழுதியவரிடம் கேட்டுவிடுவதுதான் நல்லது. 'மட்டும்' வகை என்று உறுதியானால் அதிலிருந்தும் விடை வரும். மூன்றும் உள்ளவற்றை இரண்டு தடவை கழிக்க வேண்டும், அவ்வளவுதான்: 180 − 42 − 12 = 126.

சோதனைத் தாளே கணினியில் இருந்தால் இந்தக் குழப்பம் குறையும். புளோரைடு B பத்தியிலும் நைட்ரேட் C பத்தியிலும் இருந்தால் இணைத் தொகைக்கு இது போதும்:

```
=COUNTIFS(B2:B201,">1.5",C2:C201,">45")
```

மூன்றாவது பத்தியை இது கண்டுகொள்வதே இல்லை. ஆகவே சூத்திரத்துக்கு வேண்டிய 24 நேராக வரும். தாள் கையில் இருக்கும்போது சூத்திரமே எதற்கு, எண்ணிவிடலாமே என்று கேட்கலாம். எண்ணலாம், கடினத்தன்மை D பத்தியில் இருந்தால் இப்படி:

```
=SUMPRODUCT(--((B2:B201>1.5)+(C2:C201>45)+(D2:D201>600)>0))
```

நான் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். சூத்திரத்தில் 126 வந்து, நேரடி எண்ணிக்கையில் 131 வந்தால் தாளில் ஏதோ கோளாறு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் ஆய்வகத்தில் எண்ணுக்குப் பதில் BDL என்று எழுதுவது வழக்கம். எக்செல்லில் எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் எழுத்துதான் பெரியது என்று வரும். அதனால் இரண்டாவது வரி, நைட்ரேட் இல்லவே இல்லாத கிணற்றையும் எல்லை தாண்டியதாக எண்ணிவிடும். COUNTIFS எழுத்தை விட்டுவிடும். இரண்டு விடையும் ஒத்துவராதபோது முதலில் BDLகளைத் தேடுங்கள். காலியான கட்டம் வேறு வகை ஆபத்து. சோதிக்கவே இல்லாத கிணறு இரண்டு வரியிலும் நல்ல கிணறாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு விடையும் ஒத்துப்போகும். பிழை வெளியே தெரியாது. காலிக் கட்டங்களைத் தனியாக எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் பல நேரம் தாள் கையில் கிடைக்காது. புளோரைடு இத்தனை சதவீதம், நைட்ரேட் இத்தனை, கடினத்தன்மை இத்தனை என்ற மூன்று எண்கள்தான் வரும். அப்போது படித்தவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு: பெருக்கிவிடுவது. 35, 30, 25 சதவீதம் என்றால் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வாய்ப்பு 0.65 × 0.70 × 0.75 = 0.341. ஒன்றாவது இருக்க 0.659, ஏறக்குறைய 66 சதவீதம். உண்மை 63. பரவாயில்லையே, கிட்டத்தில்தானே வந்திருக்கிறது என்று தோன்றும்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெருக்கலாம் என்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: மூன்றும் சார்பற்றவையாக இருக்க வேண்டும். ஒரு கிணற்றில் நைட்ரேட் அதிகம் என்று தெரிந்தால், அங்கே கடினத்தன்மை அதிகமாக இருக்கும் வாய்ப்பு கூடவும் கூடாது குறையவும் கூடாது. நம் நிலத்தில் அப்படியா நடக்கிறது? இந்த இரண்டு மாவட்டத்துக்கும் அடியில் இருப்பது கிரானைட், நைஸ் போன்ற பழைய கடும்பாறை. அதிலுள்ள தாதுக்கள் சிதையும்போது புளோரைடு தண்ணீரில் இறங்குகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் புளோரைடு அதோடு சேர்ந்து கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைவாக இருந்தால் புளோரைடு கரைந்தபடியே தங்கும். கடினத்தன்மைக்கு முக்கியக் காரணமும் அதே கால்சியம்தான், கூடவே மெக்னீசியம். ஆகவே கடினத்தன்மை மிகுந்த இடத்தில் புளோரைடு குறைவாக இருப்பதற்கு வேதியியலிலேயே காரணம் இருக்கிறது. நைட்ரேட் பாறையிலிருந்து வருவதல்ல. வயலில் போடும் உரத்திலிருந்தும், மாட்டுக் கொட்டகையிலிருந்தும், செப்டிக் டேங்கிலிருந்தும் இறங்குவது. பாய்ச்சிய தண்ணீர் மறுபடி நிலத்துக்குள் போகும்போது உப்புகளையும் நைட்ரேட்டையும் சேர்த்தே கொண்டுபோகும். அதனால் இவை இரண்டும் கைகோத்து வரலாம்.

எடுத்துக்காட்டின் எண்களை இதை மனதில் வைத்துத்தான் அமைத்தேன். சார்பற்றவை என்று பெருக்கினால் நைட்ரேட், கடினத்தன்மை இணைக்கு 15 கிணறு வரும். தாளில் இருப்பது 28. புளோரைடு, கடினத்தன்மை இணைக்குப் பெருக்கினால் 17 அல்லது 18 வரும், இருப்பது 8. ஒரு பக்கம் குறைத்து மதிப்பிட்டதும் இன்னொரு பக்கம் கூட்டி மதிப்பிட்டதும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. 66 கிட்டத்தில் வந்தது அதனால்தான். புளோரைடை விட்டுவிட்டு நைட்ரேட், கடினத்தன்மை இரண்டை மட்டும் கேட்டால் இந்தச் சமாதானம் நிற்காது. பெருக்கல் கணக்கு 60 + 50 − 15 = 95 என்கிறது; உண்மை 60 + 50 − 28 = 82. பதின்மூன்று கிணறு வித்தியாசம்.

பெருக்கவும் கூடாது, இணைத் தொகையும் கிடைக்கவில்லை என்றால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஒரு வரம்பைச் சொல்லலாம். மூன்று தொகைகள் மட்டும் தெரிந்தால், கெட்ட கிணறுகள் 70க்குக் குறையாது, 180ஐத் தாண்டாது. 35 முதல் 90 சதவீதம் வரை. இவ்வளவு அகலமான வரம்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த மூன்று எண்ணில் உள்ள செய்தி அவ்வளவுதான்.

இணைத் தொகைகள் கிடைத்துவிட்டால் நிலைமை வெகுவாக மாறுகிறது. மூன்றும் சேர்ந்தவை எத்தனை என்பது மட்டும் தெரியவில்லை என்று வையுங்கள். அது பூஜ்யத்துக்குக் கீழே போகாது. இணைத் தொகைகளில் சிறியதான 8ஐயும் தாண்டாது. ஆகவே விடை 120க்கும் 128க்கும் நடுவில்தான் இருக்கும். 60 முதல் 64 சதவீதம். கடைசி எண் தெரியாமலேயே விடையை இவ்வளவு நெருக்கிவிட முடிகிறது. கூட்டும் படியில் நிறுத்தினால் விடை மேலே நிற்கும், கழிக்கும் படியில் நிறுத்தினால் கீழே நிற்கும் என்பது எத்தனை நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தும் பொது விதி. இத்தாலியக் கணித அறிஞர் கார்லோ போன்ஃபெரோனி பெயரால் அதை அழைக்கிறார்கள். அவர் 1936இல் வெளியிட்டார். சோதனை அறிக்கை கேட்பவர் ஒரே ஒரு விஷயம் கூடுதலாகக் கேட்கலாம் என்றால் இணைத் தொகைகளைக் கேளுங்கள் என்பேன்.

63 சதவீதம் என்பது கிணறுகளில் 63, வீடுகளில் அல்ல. இதைச் சிலர் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் ஒரு போர்வெல் நூற்றைம்பது வீட்டுக்குப் போகும், தெருக்கோடி அடிபம்பு பத்து வீட்டுக்குப் போகும். கணக்கில் இரண்டும் ஒன்று ஒன்றுதான். குடிக்க ஆகாத தண்ணீர் ஒரு வீட்டுக்கு வரும் வாய்ப்பு வேண்டுமென்றால், கிணற்றுக்குப் பதில் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கிணறு ஊட்டும் வீடுகளைப் போட வேண்டும். சூத்திரம் அதேதான், ஏழு எண்களும் மாறிவிடும்.

126 என்ற எண் ஒரு கேள்விக்குத்தான் பதில்: எத்தனை கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது? அடுத்து என்ன செய்வது என்று கேட்டால் அந்த 126ஐப் பிரித்தாக வேண்டும். புளோரைடு மட்டும் 44, நைட்ரேட் மட்டும் 14, கடினத்தன்மை மட்டும் 20, இரண்டு குறை மட்டும் உள்ளவை 18, 22, 2, மூன்றும் 6. கூட்டிப் பாருங்கள், 126 வரும்.

புளோரைடை எடுக்கும் அலுமினா வடிகட்டி அந்த 44 கிணறுகளுக்குப் போதும். புளோரைடு உள்ள கிணறு 70 என்பதால் 70 வடிகட்டி வாங்கி மாட்டினால், மீதி 26 இடங்களில் நைட்ரேட்டோ கடினத்தன்மையோ அப்படியே இருக்கும். வடிகட்டி மாட்டியாச்சு என்று அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுத்துவிடுவார்கள். நைட்ரேட் அதிகம் பாதிப்பது அந்தக் குழந்தைகளைத்தான். காய்ச்சிக் குடித்தாலும் இரண்டும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற புளோரைடும் நைட்ரேட்டும் அடர்த்தியாகத்தான் ஆகும். நைட்ரேட்டும் சேர்ந்த 18 கிணறுகளுக்கும், மூன்றும் சேர்ந்த 6 கிணறுகளுக்கும் ஆர்.ஓ. வேண்டும். இல்லையென்றால் புளோரைடு பாதிப்பைக் குறைக்கவென்றே இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் அந்தத் தெருக்களுக்கு முதலில் போக வேண்டும்.